மறைத்து அனுப்பும் பட்டியலை எவ்வளவு நம்பலாம்?

2021 செப்டம்பர் 20 அன்று, பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு ஆப்கானிஸ்தானைவிட்டு வெளியேறக் காத்திருந்த 245 பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பியது. முகவரிகள் Bcc-இல் இருந்திருக்க வேண்டும். அவை To-இல் போடப்பட்டதால் ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடைய முகவரியையும் கண்டனர். 55 பேரின் முகப்படமும் தெரிந்தது. ஒருவர் எல்லோருக்கும் பதில் எழுதி, தாம் இருக்கும் இடத்தையும் சொல்லிவிட்டார். தலிபான்களின் கையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்தாகக்கூடிய பட்டியல் அது. 2023 டிசம்பரில் அமைச்சுக்கு 3,50,000 பவுண் அபராதம் விதிக்கப்பட்டது.

யாழ்ப்பாணத்தில் வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்களுக்கோ சாட்சியமளிக்க முன்வந்தவர்களுக்கோ கூட்ட அறிவிப்பு அனுப்பும் அமைப்புகள் இந்தச் சம்பவத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். தகவலில் எந்த இரகசியமும் இல்லாதிருக்கலாம். யார் யாருக்குப் போனது என்பதே இரகசியம். Bcc தன்னளவில் ஒழுங்காகவே வேலை செய்கிறது. அனுப்பும் சேவையகத்துக்கு முகவரிகள் தனியாகக் கொடுக்கப்படுகின்றன. பெறுபவர் காணும் தலைப்பில் அவை இருப்பதில்லை. பழைய மாணவர் சங்கத்தின் விழா அறிவிப்புக்கு இது போதும்: To-இல் சங்கத்தின் சொந்த முகவரி, மற்றவர்கள் Bcc-இல். ஆனால் பாதுகாப்பு முழுவதும் முகவரிகளை எந்தப் பெட்டியில் ஒட்டுகிறோம் என்ற ஒரேயொரு செயலில் தங்கியிருக்கிறது. பெட்டி மாறினால் தடுத்து நிறுத்த வேறெதுவும் இல்லை. ஆகவே பட்டியலில் இருப்பதே ஒருவருக்குத் தீங்காகலாம் என்றால், Bcc-ஐப் பயன்படுத்தவே கூடாது என்பது என் முடிவு.

பயிற்சி கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். அதே செப்டம்பரில் அதே தவறு மேலும் இரண்டு முறை நடந்திருந்தது பின்னர் தெரியவந்தது. களைத்த ஒருவர் அவசரத்தில் செய்யும் வேலையைப் பயிற்சி மட்டும் காப்பாற்றாது. சிறிய அமைப்புக்கு வேறு வழி கடினம் என்பது இன்னும் நியாயமான மறுப்பு. ஆனால் நாற்பது பெயர்கள் ஒரு விரிதாளில் இருந்தால், வேர்டின் மெயில் மேர்ஜ் ஒவ்வொருவருக்கும் தனி மின்னஞ்சல் ஆக்கிவிடும். அந்த மின்னஞ்சலில் இன்னொருவருடைய முகவரி எங்கேயும் இல்லை. முதலில் இரண்டு சொந்த முகவரிகளுக்கு அனுப்பிப் பார்த்து, இன்னொருவர் சரிபார்த்த பிறகு மற்றவர்களுக்கு அனுப்பலாம். விரிதாளையே தவறுதலாக இணைத்துவிடும் ஆபத்து இதிலும் உண்டு. அதைத் திறக்கக் கடவுச்சொல் வைப்பது நல்லது.

உரையாடல் ஒன்றில் மூன்றாமவரை Bcc-இல் ஒளித்துவைப்பதையும் நான் ஏற்கவில்லை. அவர் 'எல்லோருக்கும் பதில்' அழுத்தினால் அவர் இருந்தது வெளிப்பட்டுவிடும். அனுப்பிய மடலைப் பிறகு அவருக்குத் தனியே முன்னனுப்பலாம்.

பட்டியல் வெளியாகிவிட்டால், வெளியாருக்குச் சென்ற மடலைத் திரும்பப் பெறும் வசதியை நம்ப முடியாது. பழைய மடலுக்கே 'எல்லோருக்கும் பதில்' அழுத்தி மன்னிப்பு எழுதக் கூடாது. அது பட்டியலை இன்னொரு முறை பரப்பும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, முடிந்தால் தொலைபேசியில், எந்த விபரம் யாருக்கெல்லாம் தெரிந்திருக்கும் என்று சொல்லி, மடலை அழிக்கவும் முகவரியை மாற்றவும் கேட்க வேண்டும்.