இடாப்பிற் பெயர் சேர்த்தல்: ஓர் அறிவித்தல் வாசகத்தின் மொழியும் நடுநிலையும்

இலக்கியத் திறனாய்வு கவிதையையும் புனைகதையையும் மட்டுமே தன் பொருளாகக் கொள்ள வேண்டும் என்பது நியதியன்று. அரசு பொதுமக்களோடு பேசும் மொழியும் ஆய்வுக்குரியதே. அதிலும் தேர்தல் அலுவலகம் வாக்காளர் பதிவுக் காலத்தில் வெளியிடும் சுவரொட்டிகளிலும் படங்களின் அடியிலும் இடம்பெறும் இரண்டு மூன்று வாக்கியங்கள் தனிக் கவனத்துக்கு உரியன. அவற்றைப் படிப்பவர் ஒரு கருத்தை ஏற்பதோ மறுப்பதோ அன்று இங்கு நிகழ்வது. அவர் ஒரு காரியத்தைச் செய்து முடிக்கிறார், அல்லது முடிக்கத் தவறுகிறார். வாசகத்தின் குறை அவருடைய உரிமையின் குறையாகிவிடுகிறது.

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 4 ஆம் உறுப்புரையின் இறுதிப் பந்தி இதனை வெளிப்படையாகவே கூறுகிறது. மக்களின் இறைமையின் ஒரு கூறாகிய வாக்குரிமையை, பதினெட்டு வயது நிரம்பிய தகுதியுள்ள பிரசை ஒருவர், தமது பெயர் தேருநர் இடாப்பில் பதியப்பட்டிருந்தாலன்றிப் பிரயோகிக்க இயலாது. ஆகவே இறைமைக்கும் மனிதருக்கும் இடையில் ஓர் இடாப்பு நிற்கிறது. அந்த இடாப்புக்குச் செல்லும் வழியைச் சொல்வதே நாம் இங்கு எடுத்துக்கொண்ட வாசகத்தின் வேலை.

குறிப்பிட்ட ஒரு சுவரொட்டியை விமர்சிப்பது நமது நோக்கமன்று. ஆகையால் இவ்வகை வாசகங்களின் பொதுவாய்பாட்டைக் காட்டும் பொருட்டு ஒன்றை நாமே அமைத்துக்கொள்கிறோம்:

'நீங்கள் 18 வயதைப் பூர்த்தி செய்த இலங்கைப் பிரசையா? பிரதான குடியிருப்பாளர் ஊடாகப் படிவத்தைப் பூரணப்படுத்திக் கிராம அலுவலரிடம் கையளிக்கவும். தேருநர் இடாப்பில் உங்கள் பெயர் உள்ளடக்கப்பட்டுள்ளதை உறுதிப்படுத்திக் கொள்ளவும்.'

முதற் பார்வையில் இதில் குற்றம் காண்பது கடினம். எக்கட்சியின் சாயலும் இல்லை, அலங்காரம் இல்லை, வாக்கியங்கள் குறுகியவை. எளிமை, நடுநிலை, படிமுறை ஆகிய மூன்றும் கைகூடிவிட்டன போலவே தோன்றும். ஆயின் வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துப் பார்க்கும்போது வேறொன்று புலனாகின்றது.

முதல் வாக்கியத்தில் வயது உண்டு, திகதி இல்லை. 1980 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கத் தேருநர்களைப் பதிவு செய்தற் சட்டம் 2021 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டபோது, பதிவுக்குரிய தகைமைத் திகதி யூன் முதலாந் திகதியிலிருந்து பெப்ரவரி முதலாந் திகதிக்கு மாற்றப்பட்டது. அதற்குப் பின்னர் பதினெட்டை எட்டும் இளைஞர்களைச் சேர்ப்பதற்கெனக் குறைநிரப்புப் பட்டியல்களும் ஏற்படுத்தப்பட்டன. பெப்ரவரி முதல் மே வரை, யூன் முதல் செப்டெம்பர் வரை, ஒக்டோபர் முதல் சனவரி வரை என ஆண்டு மூன்று கூறுகளாக வகுக்கப்பட்டுள்ளது. 2007 யூன் 14 ஆம் திகதி பிறந்த ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். 2025 ஆம் ஆண்டுக்குரிய இடாப்பின் தகைமைத் திகதியில் அவளுக்குப் பதினெட்டு நிரம்பவில்லை. பெப்ரவரியில் மேற்சொன்ன வாசகத்தைப் படித்த அவள், 'நான் இல்லை' என்று கடந்து போயிருப்பாள், அது சரியே. ஆனால் அவ்வாண்டு யூன் மாத நடுப்பகுதியில் அவள் தகுதி பெற்றுவிட்டாள். செப்டெம்பரில் முடியும் இரண்டாவது காலக்கூறுக்குரிய பட்டியலில் அவள் பெயர் சேரலாம். பழைய முறையையே அறிந்த பெற்றோர் அவளை அடுத்த ஆண்டுவரை பொறுத்திருக்கச் சொல்லக்கூடும். இடையில் ஒரு தேர்தல் வந்தால் அவள் வெளியே நிற்பாள். சட்டம் அவளுக்காகத் திருத்தப்பட்டது. வாசகமோ அவளை நோக்கித் திரும்பவில்லை. '18 வயது' என்று எழுதுவதற்குப் பதிலாக, 'இன்ன திகதியிலோ அதற்கு முன்னரோ பிறந்தவர்' என்று எழுதினால் கணக்குப் பார்க்கும் சுமை படிப்பவரிடமிருந்து அலுவலகத்துக்கு மாறும். அது மாறவேண்டிய இடமும் அதுவே.

அதே வாக்கியத்திலுள்ள 'பிரசையா?' என்ற வினாவும் எல்லாச் செவிகளிலும் ஒரே விதமாக ஒலிப்பதில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்து வாக்குரிமையைப் பிரசாவுரிமையோடு பிணைத்த 1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டமும் மலையகத் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பான்மையோரை இடாப்பிலிருந்து அகற்றின. எஞ்சியிருந்தோரின் நிலை 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னரே தீர்வை நோக்கி வந்தது. லயனில் வாழும் முதியவர் ஒருவருக்கு இவ்வினா விசாரணையாக ஒலிக்கலாம். தகைமையை வினாவாக்காமல் கூற்றாகச் சொல்வது, அதாவது 'இலங்கைப் பிரசைகள் பதியலாம்' என்று எழுதுவது, பொருளை மாற்றாமல் தொனியை மாற்றும். இது நுணுக்கம் பாராட்டுதல் என்று சிலர் கருதலாம். வரலாறு தெரிந்தவர் அவ்வாறு கருதமாட்டார்.

இரண்டாவது வாக்கியமே நமது கவனத்தைப் பெரிதும் வேண்டி நிற்பது. 'பிரதான குடியிருப்பாளர் ஊடாக' என்ற தொடரில் ஒரு சமூக அமைப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. கணக்கெடுப்புப் படிவம், மக்கள் வழக்கில் பீ.சீ. படிவம் எனப்படுவது, தனிமனிதரை நோக்கியன்றி வீட்டை நோக்கி அமைந்தது. வீட்டுக்குப் பொறுப்பானவர் அங்கு வதியும் தகுதியுள்ளோரின் பெயர்களை எழுதி ஒப்பமிட வேண்டும். குடும்பம் ஒன்றாக வாழ்ந்து, தலைவரும் அக்கறையுள்ளவராக இருந்தால் இடையூறு எதுவும் இல்லை. ஆனால் வாடகை அறையில் தங்கியிருக்கும் தொழிலாளியின் பெயரை எழுதினால் பின்னர் அவர் வீட்டில் உரிமை கொண்டாடுவாரோ என்று அஞ்சும் வீட்டுக்காரர் எத்தனை பேர்! வீட்டுப் பணிப்பெண், கணவன் வீட்டிலிருந்து பிரிந்து சகோதரன் வீட்டில் வாழும் பெண், உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கும் இளைஞன் ஆகியோரின் நிலையும் ஏறத்தாழ இதுவே. வாசகம் இவர்களை 'நீங்கள்' என்று விளிக்கிறது. ஆனால் செய்யச் சொல்லும் வினையை இன்னொருவர் கையில் வைத்திருக்கிறது. எழுவாய் ஒருவர், செயலுக்கு உரியவர் மற்றொருவர். இலக்கணப் பிழையாகத் தோன்றாத இப்பிளவு நடைமுறையில் பெயர் விடுபடுவதற்கு ஏதுவாகிறது.

இச்சிக்கலுக்குச் சட்டத்தில் வழி இல்லாமலில்லை. சேர்க்கப்படவுள்ள பெயர்களின் பட்டியலும் நீக்கப்படவுள்ள பெயர்களின் பட்டியலும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. பெயர் விடுபட்டவர் அக்காலத்துள் தாமே உரிமைக் கோரிக்கை சமர்ப்பிக்கலாம்; தகுதியற்ற பெயர் இருப்பின் ஆட்சேபனையும் தெரிவிக்கலாம். வீட்டுத் தலைவரின் ஒப்பத்தை நம்பியிராது தனிமனிதர் தாமே நுழையக்கூடிய வாயில் இதுதான். ஆயினும் வாசகத்தின் மூன்றாவது வாக்கியம் இதனை 'உறுதிப்படுத்திக் கொள்ளவும்' என்ற ஒற்றைத் தொடருக்குள் மறைத்துவிடுகிறது. எங்கே சென்று உறுதிப்படுத்துவது? எந்த நாளுக்குள்? பெயர் இல்லையென்றால் என்ன செய்வது? மூன்றுக்கும் விடையில்லை. பார்ப்பதற்கு ஒரு படியைப் போலத் தோன்றினாலும் கால்வைக்க இடமில்லாத படி அது. 'உள்ளடக்கப்பட்டுள்ளதை' என்ற செயப்பாட்டு வினை நிலைமையை மேலும் மங்கலாக்குகிறது. பெயரைச் சேர்ப்பவர் யார் என்பதை அது சொல்வதில்லை.

'தேருநர்' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெரிவு செய்பவர் என்ற பொருளில் அது செம்மையான ஆக்கமே. வாக்காளர் என்பதைவிடப் பொருளாழமும் உடையது. ஆனால் சந்தையிலும் பேருந்திலும் எவரும் அதனைச் சொல்வதில்லை. 'வாக்காளர் இடாப்பு' என்பதே மக்கள் நாவில் உள்ளது. சட்ட நூலில் தேருநரும் சுவரொட்டியில் வாக்காளரும் இருப்பதால் தமிழுக்குக் குறைவு வந்துவிடாது.

இனி நடுநிலை என்பது பற்றி. உரிச்சொற்களை நீக்கி, உணர்ச்சியைக் குறைத்துவிட்டால் நடுநிலை வந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. வேறு சில வாசகங்கள் இதற்கு மாறாக, 'வாக்களிப்பது உங்கள் கடமை' என்று ஊக்கமூட்ட முனைகின்றன. இது பொதுவான நற்போதனை போலத் தோன்றினாலும் நமது சூழலில் அவ்வாறன்று. 1931 இல் அரசாங்க சபைத் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்தபோது வடக்கின் நான்கு தொகுதிகளில் வேட்பாளர் எவரும் முன்வரவில்லை. பகிஷ்காரம் சரியா பிழையா என்ற விவாதம் இன்னும் முடிந்துவிடவில்லை. 2005 இன் சனாதிபதித் தேர்தலின்போது வடக்கில் அது வேறொரு வடிவத்தில், அச்சத்தின் நிழலில் மீண்டும் எழுந்தது. எனவே வாக்களிக்குமாறு வற்புறுத்தும் அலுவலகம், தான் அறியாமலே ஓர் அரசியல் விவாதத்தில் ஒரு பக்கம் சார்கிறது. பதிவு அத்தகையதன்று. இடாப்பில் உள்ளவர் வாக்களிக்கலாம், வாக்கைச் செல்லாததாக்கலாம், வீட்டிலேயே இருந்துவிடலாம். இடாப்பில் இல்லாதவருக்கு இவற்றுள் எதுவும் தெரிவு அன்று. பகிஷ்கரிப்பதற்கும் பெயர் இருந்தாக வேண்டும். தேர்தல் அலுவலகம் உறுதியாகக் கால் ஊன்றக்கூடிய நடுநிலை நிலம் இதுவே என்பது நமது துணிபு.

இவ்வளவையும் மனங்கொண்டு, 2025 ஆம் ஆண்டு இடாப்புக்குரியதாக ஒரு மாற்று வாசகத்தை அமைத்தால் அது ஏறத்தாழ இவ்வாறு வரும்:

'31.01.2007 அன்றோ அதற்கு முன்னரோ பிறந்த இலங்கைப் பிரசைகள் 2025 வாக்காளர் இடாப்பில் பதியலாம். அதன் பின் பிறந்தவர்கள் 18 வயது நிரம்பியதும் குறைநிரப்புப் பட்டியலில் பதியலாம். கிராம அலுவலரிடம் கேளுங்கள். வீட்டுப் படிவத்தில் உங்கள் பெயர் எழுதப்பட்டதா என்று பாருங்கள். எழுதப்படாவிட்டால் நீங்களே கிராம அலுவலரிடமோ மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலோ கூறுங்கள். பட்டியல் காட்சிக்கு வைக்கப்படும் நாட்களில் சென்று பெயரைப் பாருங்கள். இல்லையாயின் இறுதி நாளுக்கு முன் உரிமைக் கோரிக்கை கொடுங்கள்.'

காட்சி நாட்களும் இறுதி நாளும் வெளியிடும்போது எண்ணால் எழுதப்பட வேண்டியவை. இது முந்தியதைவிட நீளமானது என்பது உண்மை. எளிமையைச் சொற்களின் தொகையால் அளப்பவர்க்கு இது பிடிக்காது. ஆயின் ஒவ்வொரு வாக்கியத்திலும் செய்பவர் யார், செல்லும் இடம் எது என்பது தெரிகிறது. 'நீங்கள்' என்று விளிக்கப்பட்டவரே எல்லாவற்றையும் செய்யக்கூடியவராயிருக்கிறார்.

இதனாலும் தீராத ஒன்று உண்டு. 'சாதாரண வதிவு' என்ற சட்டக் கருத்து, ஒருவருக்கு ஒரே இருப்பிடம் உண்டு என்ற எண்ணத்தின் மேல் நிற்பது. போரினால் வடக்குக் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்தோரின் வாழ்வு அந்த எண்ணத்துக்குள் அடங்கவில்லை. அவர்களுக்கெனவே 2013 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சிறப்பேற்பாடுகள் சட்டம் இயற்றப்பட நேர்ந்தது. இத்தகைய நிலையை ஒரு படத்தின் அடியில் விளக்கிவிட முடியாது. முயன்றால் வாசகம் சட்டப் பிரிவாகிவிடும். 'இரண்டு இடங்களில் வசிப்பவர் எங்கே பதிவது என்பதை மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் கேட்டறிக' என்ற ஒரு வரி போதும், அங்கே அவரது மொழியிற் பதில் சொல்ல ஒருவர் இருந்தால்.

வாசகம் பயன்பட்டதா என்பதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. அச்சிடுமுன் வாடகை அறையில் இருக்கும் ஒருவரிடமும் லயனில் வசிக்கும் ஒருவரிடமும் அதைக் கொடுத்து, 'நன்றாயிருக்கிறதா?' என்று கேளாமல், 'நாளைக்கு எங்கே போவீர்கள், யாரைக் காண்பீர்கள்?' என்று கேட்க வேண்டும். விடையில் ஓர் இடமும் ஓர் ஆளும் வராவிட்டால் மீண்டும் எழுத வேண்டும். இறுதி நாள் கடந்த மறுநாளே சுவரொட்டியைக் கழற்றிவிட்டு, அடுத்த குறைநிரப்புப் பட்டியலுக்குரியதை அதே இடத்தில் ஒட்டுவதும் இந்த வேலையின் பகுதியே.