தும்பும் முறுக்கும்

குமரி மாவட்டத்து மணக்குடிக் காயல் போன்ற உவர்நீரில் பச்சைத் தேங்காய் மட்டை பல மாதங்கள் ஊறும்போது, நாரைப் பிணைக்கும் பெக்டின் என்னும் பசைப்பொருளை நுண்ணுயிர்கள் சிதைப்பதால், மரச்சுத்தியால் அடித்தவுடன் வெளிர்நிறத் தும்பு, அதாவது நார், மென்மையாகப் பிரிகிறது. தும்பை ஒரு திசையில் முறுக்கி இழையாக்கி, இரண்டு இழைகளை எதிர்த்திசையில் சேர்த்து முறுக்கும்போது, ஒவ்வோர் இழையும் அவிழ முயலும் விசையே கயிற்றை இறுக்கிப் பிடிக்கிறது. இழைகளின் பருமன் வேறுபட்டால், மெல்லியது பருத்ததைச் சுற்றிக்கொள்ள, சுமை நேராக நிற்கும் இழைமேல் மட்டும் விழுந்து கயிறு அறுகிறது.

முற்றிய காயின் பழுப்புத் தும்பு, லிக்னின் என்னும் மரத்தன்மைப் பொருள் மிகுந்து விறைப்பாக இருப்பதால், பாத்திரம் தேய்க்கும் தூரிகைக்குப் பொருந்தும். கால்மிதியிலோ, நெருங்கி நிற்கும் இழைகளின் வெட்டுமுனைகளே மண்ணைச் சுரண்டுகின்றன. ஆகவே வாங்குவோர் அதை மடக்கி, அடிப்பின்னல் வெளித்தெரியாததையே தேர்ந்தெடுக்க வேண்டும்.