முதல் கூடாரம்

சிறு பிள்ளைகளோடு முதன்முறை கூடாரம் போட ஏலகிரி தோதான மலை. சுமார் 1,100 மீட்டர் உயரம்தான். 14 கொண்டை ஊசி வளைவுகளில் மேலே போய்விடலாம். குளிர் உண்டு, ஆனால் தாங்கக்கூடிய குளிர். கழிப்பறையும் காவலும் உள்ள, கூடாரம் போட வாடகைக்கு விடும் இடமாகப் பாருங்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே, சற்று மேடான சமதரையில், காய்ந்த கிளை தொங்காத இடத்தில் கூடாரத்தை அடித்துவிட வேண்டும். இரவில் பிள்ளைகளின் உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சிவிடும். அதனால் மேலே போர்த்துவதைப் போலவே கீழே விரிக்கும் தடித்த பாயும் முக்கியம். குளிருக்குப் பயந்து காற்றுத் திறப்புகளை மூடினால், மூச்சின் ஈரம் உள்துணியில் முத்துமுத்தாகக் கோத்து, விடியலில் மழை ஒழுகியதுபோலச் சொட்டும்.

இருட்டியதும் விளையாட ஒரு டார்ச் போதும். அதைக் கண்ணோரமாக நெற்றியில் பிடித்தபடி புல்தரையைப் பாருங்கள். ஆங்காங்கே பச்சைப் பொட்டுகள் மின்னும். கிட்டே போய்க் குனிந்தால், ஓநாய்ச் சிலந்தி! அதன் கண்ணில் பட்ட ஒளி வந்த வழியே திரும்புகிறது. டார்ச்சை இடுப்பருகே பிடித்தால் மினுக்கம் தெரியாது. பிள்ளைகளுக்கு ஷூ மாட்டிவிட்டு, தொடாமல் எண்ணச் சொல்லுங்கள். நான்கு வயதுக் குழந்தையும் இருட்டின் பயம் மறந்து எண்ணும்.