நான்கு முனைகளும் மண்ணின் ஆழமும்

பழவங்காடி போன்ற நெருக்கமான நகர்ப்பகுதியில் ஒரு துணைமின்நிலையத்தின் புவித்தொடர்பு வலையை, அதாவது பழுது மின்னோட்டத்தை மண்ணில் பரப்பும் கம்பிக் கட்டத்தை, வரைவதற்கு முன்பே மண்ணின் மின்தடைமையை அளக்க வேண்டும். கம்பிகளின் நெருக்கமும் தண்டுகளின் நீளமும் அந்த எண்ணிலிருந்தே பிறக்கின்றன.

பிராங்க் வென்னர் 1915இல் விளக்கிய முறையில், நேர்கோட்டில் சம இடைவெளியில் ஊன்றிய நான்கு முனைகளில் வெளி இரண்டின் வழியே மின்னோட்டம் செலுத்தப்பட்டு, உள் இரண்டுக்கிடையே மின்னழுத்தம் அளக்கப்படுகிறது. அழுத்தத்தை அளக்கும் முனைகளில் மின்னோட்டம் ஏறக்குறைய பாயாததால், முனையும் மண்ணும் தொடும் இடத்தின் தடை கணக்கைக் கெடுப்பதில்லை என்பதே இம்முறையின் அழகு. அழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்த தடை R, இடைவெளி a எனில், மின்தடைமை ρ = 2πaR.

இடைவெளி கூடக்கூட அளவீடு ஆழத்தை எட்டுகிறது. எடுத்துக்காட்டாக, 2 மீட்டரில் 30 ஓமும் 8 மீட்டரில் 2 ஓமும் கிடைத்தால், மின்தடைமை ஏறத்தாழ 377இலிருந்து 100 ஓம்-மீட்டராக இறங்குகிறது. உலர்ந்த செம்புரை மண்ணுக்கடியில் ஈர அடுக்கு இருப்பதை இது காட்டுவதால், வலையை அகலமாக விரிப்பதைவிட நீண்ட தண்டுகளை இறக்குவதே பயன்தரும்.

நகரில் புதைந்துள்ள இரும்புக் குழாய்கள் மின்னோட்டத்தைத் தம்வழி இழுத்து, மண்ணை உள்ளதைவிட நல்லதாகக் காட்டக்கூடும். அதே இடத்தில் முதல் கோட்டுக்குச் செங்குத்தான திசையிலும் அளந்து, இரு எண்களும் பெரிதும் வேறுபட்டால், அந்த அளவீட்டை ஒதுக்கிவிட்டுக் குழாயற்ற வேறு கோட்டைத் தேட வேண்டும்.