வாசல் கட்டணம் ஒருமுறைதான்: பழைய போனில் ப்ளூமும் விக்னெட்டும் கலர் கிரேடிங்கும்

மழை விட்ட இரவுத் தெரு. ஐந்து விளக்குக் கம்பங்கள், நனைந்த தார்ச்சாலை, ஓரத்தில் ஒரு வெள்ளைச் சுவர். யூனிட்டியின் யூ.ஆர்.பி. ரெண்டரரில் இந்தச் சிறு காட்சியை அமைத்து, 1600×720 திரை கொண்ட பழைய ஆண்ட்ராய்டு போனில் ஓடவிட்டேன். எஃபெக்ட் எதுவும் இல்லாதபோது அது வெறும் இருட்டாகத்தான் இருந்தது. விளக்கைச் சுற்றி ஒளி கசிந்து, ஓரங்கள் மங்கி, நிழலில் நீலம் ஏறிய பிறகே மழை இரவு வந்தது. இதற்கு அந்தப் போன் என்ன விலை கொடுக்கிறது?

போனின் ஜி.பி.யூ. படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, தனக்குள் இருக்கும் குட்டி நினைவகத்திலேயே வரைந்து முடிக்கிறது. மேலே ஓர் எஃபெக்ட் போட வேண்டுமென்றால், முடிந்த படத்தை வெளியே ரேமில் எழுதி, திரும்பப் படிக்க வேண்டும். இந்தத் திரையில் 11,52,000 பிக்சல்கள். பிக்சலுக்கு 4 பைட் என்றால், ஒருமுறை எழுதிப் படிப்பதற்கு 9.2 எம்.பி.; நொடிக்கு 60 பிரேம் என்றால் சுமார் 550 எம்.பி. பலவீனமான போன் திணறுவதும் சூடாவதும் பெரும்பாலும் இந்தப் போக்குவரத்தால்தான். கணக்குப் போடும் வேலை அதற்கு அவ்வளவு பாரமில்லை.

இது வாசல் கட்டணம் மாதிரி. கட்டி உள்ளே போய்விட்டால் விக்னெட்டுக்குத் தனியாக எதுவும் கேட்பதில்லை என்றே சொல்லலாம். யூ.ஆர்.பி. விக்னெட்டையும் கிரேடிங்கையும் ப்ளூமின் கடைசிக் கலவையையும் ஒரே பாஸில் முடித்துவிடுகிறது. கிரேடிங்கில் நாம் இழுக்கும் அத்தனை ஸ்லைடர்களும் முதலில் 1024×32 அளவுள்ள ஒரு நிற அட்டவணையாக மாறுகின்றன. அது முழுத்திரையில் ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒரு பங்கு. பிறகு ஒவ்வொரு பிக்சலும் அந்த அட்டவணையைப் பார்த்து நிறம் மாற்றிக்கொள்கிறது. ஒரு ஸ்லைடரைத் தொட்டாலும் பத்தைத் தொட்டாலும் திரைக்கு ஒரே செலவு. நிறத்தில் தாராளமாக இருக்கலாம் என்பது என் கட்சி.

ப்ளூம் மட்டும் தனிக்கணக்கு. அது படத்தைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி, படிப்படியாக இறங்கி மங்கலாக்கி, மறுபடி ஏறி வருகிறது. ஒவ்வொரு படியிலும் சில பாஸ்கள். `Downscale` என்பதில் `Half` இருந்தால் முதல் படி 800×360. `Quarter` என்று மாற்றினால் 400×180, அதாவது நான்கில் ஒரு பங்கு பிக்சல். `High Quality Filtering` அணைத்தே இருக்கட்டும். `Max Iterations` எண்ணை 6-இலிருந்து 4-ஆகக் குறைத்தேன். ஒளிவட்டம் சற்றுச் சுருங்கியது, தெருவுக்கு அதுவே பொருத்தமாகவும் இருந்தது.

`Quarter` ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. கேமரா நகரும்போது தூரத்து விளக்கின் ஒளிவட்டம் மினுக்கியது. ஒன்றிரண்டு பிக்சல் அளவே உள்ள பிரகாசமான புள்ளி, படம் சுருங்கும்போது ஒரு பிரேமில் மாட்டிக்கொள்கிறது, அடுத்ததில் நழுவுகிறது. தூரத்து விளக்கின் கண்ணாடியைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதன் பிரகாசத்தைக் குறைத்ததும் மினுக்கல் அடங்கியது.

இன்னொன்று, வெள்ளைச் சுவரும் விளக்கோடு சேர்ந்து ஒளிர்ந்தது. எச்.டி.ஆர். அணைந்திருந்ததால் சுவர், விளக்கு இரண்டின் பிரகாசமும் 1 என்ற உச்சத்தில் முட்டி நின்றது. `Threshold` இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. எச்.டி.ஆரை `32 Bits` அளவில் போட்டேன். பிக்சலுக்கு அதே 4 பைட்தான். விளக்கின் எமிஷனை 4 ஆக்கி, `Threshold` 1.1 வைத்ததும் சுவர் அடங்கியது. `64 Bits` பக்கம் போனால் போக்குவரத்து இரட்டிப்பாகும். இந்த வகைப் போனுக்கு வேண்டாம்.

விக்னெட்டின் இருண்ட மூலைகளில் வளையம் வளையமாகக் கோடு தெரிந்தால், கேமராவில் `Dithering` போட்டுப் பாருங்கள்.

அளக்கும்போது பிரேம் எண்ணிக்கையை நம்பாதீர்கள். ஒரு பிரேமுக்கு 9 மில்லிசெகண்ட் ஆனாலும் 15 ஆனாலும் 60 ஹெர்ட்ஸ் திரை 60 என்றுதான் காட்டும், 16.6-ஐத் தாண்டும்போதுதான் குட்டு வெளிப்படும். கேமராவை ஒரே இடத்தில் நிறுத்தி, எஃபெக்ட்டை ஒவ்வொன்றாக அணைத்து, ஜி.பி.யூ. எடுக்கும் நேரத்தைப் பாருங்கள். அதோடு நிறுத்தாமல் இருபது நிமிடம் ஓடவிட்டு மறுபடி அளந்தால்தான், சூடேறிய போன் வேகத்தைக் குறைத்துக்கொள்வது தெரியும். `Render Scale` 0.8 ஆக்கினால் பிக்சல்கள் 64 சதவீதமாகக் குறையும். நேரமும் நன்றாக இறங்கினால் சுமை பிக்சலில்தான்.

வாசல் கட்டணத்தையே தாங்காத போன்களுக்கு போஸ்ட் பிராசஸிங்கை முழுதாக அணைத்துவிடுவேன். ஒவ்வொரு விளக்கின் முன்னும் மங்கலான வட்டப் படம் ஒன்றை ஒளி கூட்டும் முறையில் ஒட்டி, மூடுபனிக்கும் சுற்றொளிக்கும் நீலம் கொடுத்தால் போதும். விக்னெட் போய்விடும். தெரு மழை இரவாகவே இருக்கும்.