ஓரத்தில் எழுதிய நேரம்

கோவை வட்டாரத்தில் இது இப்போது வழக்கமாகிவிட்டது. தோட்டத்திலிருக்கும் அப்பா பிரஷர் பார்த்து நோட்டில் எழுதுகிறார். வெளியூரிலிருக்கும் மகன் அந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் படமாக வாங்கி, எண்களை எக்செலில் ஏற்றி, சராசரி போட்டு, கோடு வரைந்து, டாக்டரிடம் காட்டச் சொல்கிறார். டாக்டருக்கு நேரமில்லை, ஒரே பார்வையில் போக்கு தெரிந்துவிடும் என்கிறார்கள்.

வீட்டில் பார்ப்பது நல்லதே. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் ஏறிவிடும் பிரஷரை அதுதான் காட்டிக்கொடுக்கிறது. கோடு வரைவதையும் நான் எதிர்க்கவில்லை. நோட்டு கோடாக மாறும்போது தொலைந்துபோவதைப் பற்றித்தான் என் பேச்சு.

பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரின் நோட்டு என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் மேல் எண்ணின் சராசரி 148, இரண்டாம் வாரம் 130. கோடு அழகாக இறங்குகிறது. மாத்திரை வேலை செய்கிறது என்று மகன் குறிப்பு எழுதுகிறார். அவரையே கேட்டால் கதை வேறு: "மொத வாரம் எந்திரிச்சதும் பார்த்தனுங்க. அப்புறம் தண்ணி கட்டற வேலை வந்துருச்சு, மாத்திரை போட்டு, பதினோரு மணிக்கு வந்து பார்த்தனுங்க." மாறியது நேரம் மட்டுமே. மாத்திரைக்கு முந்தைய காலை அளவு இன்னும் 148ஆகவே இருக்கலாம். வீட்டு அளவின் சராசரி 135/85க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது கணக்கு. இந்தக் கோட்டை நம்பும் டாக்டர் மாத்திரையை அப்படியே விட்டுவிடுவார். பதினான்கு நாளையும் சேர்த்து 139 என்று எழுதினாலும் பயனில்லை. அது காலையையும் சொல்லாது, பகலையும் சொல்லாது.

இத்தனைக்கும் நேரத்தை அவர் நோட்டின் ஓரத்தில் எழுதித்தான் வைத்திருந்தார். படம் எடுக்கும்போது அந்த ஓரம் வெட்டுப்பட்டுவிட்டது.

எண்களைத் தட்டச்சு செய்ததும் வேறு சாட்சிகளும் அழிகின்றன. ஒரே பேனாவில், ஒரே அழுத்தத்தில், அடித்தல் திருத்தமின்றிப் பதினான்கு வரிகள் இருந்தால், ஒரே தடவை உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதியதாக இருக்கலாம். எல்லாம் 130/80, 140/90 என்று பூஜ்யத்திலேயே முடிந்தால் சந்தேகம் வலுக்கிறது. டிஜிட்டல் மிஷின் அப்படித் திரும்பத் திரும்பக் காட்டாது. 1ஆ 7ஆ என்று புரியாத இடத்தில் மகன் ஊகித்துப் போட்ட எண், கட்டத்துக்குள் போனதும் உறுதியான எண்ணாகிவிடுகிறது. கையெழுத்தைப் பார்க்கிறவருக்குச் சந்தேகம் வரும். கட்டத்தைப் பார்க்கிறவருக்கு வராது. இந்தக் கோடுகளின் மீது எனக்குள்ள தீராத வருத்தம் இதுதான்.

டாக்டருக்கு அரைப் பக்கம் போதும். போவதற்கு முந்தைய ஏழு நாள், காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும், ஐந்து நிமிடம் உட்கார்ந்தபின் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும். முதல் நாளை விட்டுவிட்டு, காலைச் சராசரியைத் தனியாகவும் மாலைச் சராசரியைத் தனியாகவும், எத்தனை நாள் கணக்கு என்பதோடு எழுதலாம். மாத்திரையின் பெயர், போடும் நேரம், தவறிய நாட்கள், எழுந்து நிற்கும்போது தலை சுற்றியதா என்பது அதன் கீழே. படிக்க முடியாத எண்ணுக்கு நேரே கேள்விக்குறி போட்டுவிட்டு, போனில் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். இதோடு நோட்டையும் கையில் கொடுத்தனுப்புங்கள்.