எதிர்பார்ப்பு கலந்த முடிவுகள்

2013இல் ‘சயின்ஸ்’ இதழில் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, தர்மபுரிக்குப் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையையும் விழுப்புரத்தையும் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளைச் சோதித்தது. அறுவடைக்கு முன்பு கைகடித்த நிலையில் ஒருமுறை, கரும்புப் பணம் வந்தபின் இன்னொரு முறை. வடிவங்களை நிரப்பும் ரேவன் புதிரும், எண்களைக் கொண்ட ஸ்ட்ரூப் சோதனையும் கொடுக்கப்பட்டன. பணம் வந்தபின் அதே விவசாயிகள் இரண்டையும் மேலாகச் செய்தார்கள். பணநெருக்கடி மனதின் கவனத்தைத் தின்றுவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் கண்ட முடிவு.

இந்த வடிவமைப்பில் மெச்சத்தக்கவை இரண்டு. ஒரே புதிரை இரண்டாம் முறை செய்பவர் பழக்கத்தாலேயே தேறியிருக்கலாம் அல்லவா? அதற்காக 100 விவசாயிகளைக் குலுக்கலில் ஒதுக்கிவைத்து, அறுவடைக்குப் பிறகே முதல்முறை சோதித்தார்கள். இரண்டாவது, ஆலை எல்லாக் கரும்பையும் ஒரே வாரத்தில் அரைக்க முடியாது என்பதால் அறுவடை மாதக்கணக்கில் பரவிக்கிடந்தது. அதனால் மாற்றத்துக்குப் பருவகாலம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் இவை இரண்டும் விவசாயியையும் காலத்தையும் பற்றிய காப்புகள். சோதிப்பவரின் மனதில் உள்ளதை இவை தொடுவதில்லை.

அது எவ்வளவு பெரிய இடைவெளி என்பதை 2012இல் பெல்ஜியத்தில் ஸ்டெஃபான் டோயன் குழு காட்டியது. முதுமையை நினைவூட்டும் சொற்களைப் படித்தவர்கள் மெதுவாக நடக்கிறார்கள் என்ற பழைய முடிவை அவர்கள் மறுபடி சோதித்தார்கள். அகச்சிவப்பு உணரிகளால் நேரத்தை அளந்த முதல் சோதனையில் அந்த விளைவு தெரியவில்லை. அடுத்த சோதனையில், நடத்துபவர்களில் பாதிப் பேரிடம் ‘மெதுவாக நடப்பார்கள்’ என்றும் மற்றவர்களிடம் ‘வேகமாக நடப்பார்கள்’ என்றும் சொல்லிவைத்தார்கள். மெதுவாக நடப்பார்கள் என்று நம்பியவர்களிடம் மட்டுமே, உணரி அளவிலும், நடை உண்மையாகவே தளர்ந்தது. அளப்பதை இயந்திரத்திடம் விட்டாலும், நடத்துபவரின் நடத்தை வழியே எதிர்பார்ப்பு கடந்துபோகிறது.

இதற்குத் தீர்வு, யார் எந்தப் பிரிவு என்பதைச் சோதிப்பவரிடமிருந்து மறைப்பது. பாலக்கோட்டிலும் அரூர் அருகே கோபாலபுரத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் உள்ள தர்மபுரியில் இத்தகைய ஆய்வை அமைத்தால், ஆலையின் வெட்டு உத்தரவு வரிசையே துணைசெய்யும். பணம் வந்தவரும் காத்திருப்பவரும் ஒரே ஊரில் இருப்பார்கள். பட்டியலை ஒருவர் வைத்துக்கொண்டு, சோதிப்பவருக்குப் பெயரையும் நேரத்தையும் மட்டும் தர வேண்டும். விதிகளைப் பதிவுசெய்த குரல் சொல்லட்டும், விடையை டேப்லெட் குறிக்கட்டும். கடன், அடகு பற்றிய கேள்விகளைச் சோதனை முடிந்தபின் வேறொருவர் கேட்கட்டும்.

ஆனாலும் “பணம் இன்னும் வரலைங்க சார்” என்று விவசாயி பேச்சுவாக்கில் சொன்னால் மறைப்பு கிழிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு சோதனையின் முடிவிலும், இவருக்குப் பணம் வந்திருக்குமா என்று சோதிப்பவர் தன் ஊகத்தை எழுத வேண்டும். இரு பிரிவும் சமமாக உள்ள 100 பேரில், குருட்டாம்போக்கில் 50 ஊகம் சரியாகும். ஏறக்குறைய 40 முதல் 60 வரை தற்செயலாகவே வரும். 75 சரியென்றால் மறைப்பு தோற்றது என்றே பொருள். இந்தக் கணக்கைக் காட்டாமல் ‘மறைத்தோம்’ என்று மட்டும் எழுதுவது போதாது.

விவசாயியின் பக்கம் இதைவிடக் கடினம். ஆய்வு தன்னிடம் எதை எதிர்பார்க்கிறது என்று ஊகித்து, அதற்கேற்ப நடப்பதை மார்ட்டின் ஆர்ன் 1962இல் விளக்கினார். தாளுக்கு 224 கூட்டல் என 2000 தாள்களைக் கொடுத்துவிட்டு அவர் காத்திருந்தார். ஐந்தரை மணி நேரம் கழித்துச் சலித்துப்போனது ஆய்வாளர்தான், கூட்டியவர் அல்ல. திறன் சோதனையில் இந்த இணக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. விரும்பினாலும் தன் திறனுக்கு மேல் யாரும் செய்ய முடியாது. ஆனால் மெனக்கெடாமல் விட முடியும். சரியான விடைக்குப் பணம் கொடுப்பது அதை ஓரளவு தடுக்கும். ‘ஆய்வின் நோக்கம் என்னவென்று நினைத்தீர்கள்?’ என்று கடைசியில் கேட்கும் வழக்கம் பலவீனமானது. நோக்கம் புரிந்தவரும் ஆய்வைக் கெடுக்க விரும்பாமல் தெரியாது என்பார். ஆய்வாளரும் தோண்டிக் கேட்கமாட்டார்.

ஜோனதன் டி க்விட், யோஹானஸ் ஹவுஸ்ஹோஃபர், கிறிஸ்டோஃபர் ராத் ஆகியோர் 2018இல் முன்வைத்த வழி இதைவிட நேர்மையானது. குலுக்கலில் தேர்ந்த சிலரிடம் எதிர்பார்ப்பை வேண்டுமென்றே சொல்லி, வேறு சிலரிடம் அதற்கு நேரெதிராகச் சொல்லி, விடை எவ்வளவு நகர்கிறது என்று அளக்கிறார்கள். அந்த நகர்வைவிட ஆய்வின் விளைவு பெரிதாக இருந்தால் முடிவை நம்பலாம். இதற்குக் கூடுதல் ஆட்களும் செலவும் தேவை. இணையத்தில் பதிலளிப்பவரிடம் அவர்கள் கண்ட நகர்வின் அளவை, வீட்டு வாசலில் அதிகாரி போல் வந்து நிற்பவருக்குப் பதில் சொல்பவருக்கு அப்படியே பொருத்தவும் முடியாது. களத்திலேயே அளக்க வேண்டும்.

சோதிப்பவரின் எதிர்பார்ப்பைப் பெருமளவு அடைக்க முடியும். பங்கேற்பவரின் ஊகத்தை முழுதாக அடைக்க முடியாது, அளக்கத்தான் முடியும். முதலாவதை அடைக்காமலும் இரண்டாவதை அளக்காமலும் வரும் முடிவை, எந்த இதழில் வந்தாலும், பாதி வேலையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.